சிதையவில்லை, சுருங்கியிருக்கிறது

தூத்துக்குடி மாவட்டம், புதுக்கோட்டை வட்டாரத்தில் தாவரவியல் செய்முறைத் தேர்வுக்குத் தயாராகும் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ மாணவியரே,

உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள ஒரு சொல்லைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். ‘பிளாஸ்மா சிதைவு’ என்பது அந்தச் சொல். தேர்வில் அதைத்தான் நீங்கள் எழுத வேண்டும், நானும் வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அதிலுள்ள ‘சிதைவு’ ஒவ்வோர் ஆண்டும் சில பிள்ளைகளின் பதிவேட்டில் தவறான ஒரு வரியாக வந்துவிடுகிறது: “உப்புக் கரைசலில் வெங்காயச் செல் சிதைந்தது.” செல் சிதையவில்லை. அதன் சுவர் அப்படியே இருக்கிறது, அதன் உள்ளடக்கம் நீரை இழந்து சுருங்கிச் சுவரைவிட்டு விலகி நிற்கிறது. நல்ல தண்ணீர் கிடைத்தால் மறுபடி விரிந்து பழைய இடத்துக்கு வந்துவிடும். சிதைந்த பொருள் இப்படித் திரும்பி வராது.

இந்தப் பெயரை 1877-இல் வைத்தவர் ஹியூகோ டி விரீஸ் என்ற டச்சுத் தாவரவியலாளர். ‘லைசிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு அவிழ்தல், கட்டுத் தளர்தல் என்று பொருள். சுவரோடு ஒட்டியிருந்த உயிர்ப்பொருள் அதிலிருந்து தளர்ந்து விலகுவதையே அவர் குறித்தார். தமிழில் சிதைவு என்று நிலைத்துவிட்டது. சொல்லை நம்மால் மாற்ற முடியாது. நுண்ணோக்கியில் தெரிவதை ஒழுங்காகப் பார்த்தால் அந்தச் சொல் நம்மை ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வெங்காயம், எந்தத் தோல்

நான் மாணவனாக இருந்தபோது இதே சோதனையை ஒரு செய்முறைத் தேர்வில் செய்தேன். வெங்காயத் தோலை உரித்தேன், சாஃப்ரனின் சாயத்தில் நனைத்தேன், ஸ்லைடில் வைத்தேன், உப்புக் கரைசல் விட்டேன். செங்கல் அடுக்கியதுபோல் இளஞ்சிவப்புச் செல்கள் தெரிந்தன, ஆனால் எதுவும் சுருங்கவில்லை. புத்தகத்தில் இருந்த படத்தை நினைவிலிருந்து வரைந்துவிட்டேன். தேர்வாளர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என் தாளைப் பார்த்தார், “இந்தப் படத்தில் உள்ள செல்லை எனக்குக் காட்டு” என்றார். என்னால் காட்ட முடியவில்லை. அன்று எங்கே தவறினேன் என்பது எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு அந்தத் தாமதம் வேண்டாம்.

தவறு சாயத்தில் இருந்தது. வெங்காயத் தோலின் செல் அமைப்பைப் பார்க்க மட்டும் என்றால் சாஃப்ரனின் நல்லது. இந்தச் சோதனைக்கோ உயிருள்ள செல் வேண்டும். சாயத்தில் ஊறிய செல் பெரும்பாலும் செத்துவிடுகிறது. செத்த செல்லின் படலம் எதையும் தடுத்து நிறுத்தாது. உப்பும் உள்ளே போகும், நீரும் வெளியே வரும், இரு பக்கமும் சமமாகிவிடும், சுருக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே முதல் விதி, இந்தச் சோதனையில் சாயம் வேண்டாம்.

சாயம் இல்லாமல் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வெங்காயமே சாயத்தோடுதான் வருகிறது. நம் வீடுகளில் பல்லாரி என்று சொல்லும் பெரிய வெங்காயத்தில் நல்ல ஊதாச் சிவப்பு நிறமுள்ளதாக ஒன்றை எடுங்கள். மேலே உள்ள காய்ந்த சருகைக் கழித்துவிட்டு, சதைப்பற்றுள்ள ஒரு செதிலைப் பிரியுங்கள். அதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு. உட்குழிந்த பக்கத்துத் தோல் இடுக்கியால் இழுத்தவுடன் கண்ணாடித்தாள் மாதிரி முழுசாக வந்துவிடும், அதனால் எல்லாரும் அதையே எடுக்கிறார்கள். அதில் நிறம் இல்லை. நிறம் இருப்பது குவிந்த பக்கத்துத் தோலில். அது அவ்வளவு எளிதாக உரியாது. பிளேடால் அரை சென்டிமீட்டர் அளவுக்குச் சதுரமாக மேலோட்டமாகக் கீறி, ஒரு மூலையை இடுக்கியால் பற்றி மெல்ல இழுங்கள். சதை ஒட்டிக்கொண்டு தடிமனாக வந்தால் அதை விட்டுவிட்டு வேறு துண்டு எடுங்கள். ஒற்றை அடுக்காக ஊதா நிறம் தெரியும் பகுதி கொஞ்சம் கிடைத்தாலே போதும்.

இந்த நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமி. அது செல் முழுக்கப் பரவியிருக்கவில்லை. நுண்குமிழ்ப்பை, அதாவது வாக்குவோல், அதற்குள் உள்ள சாற்றில் மட்டும் கரைந்திருக்கிறது. வளர்ந்த வெங்காயச் செல்லில் வாக்குவோல்தான் ஏறக்குறைய முழு இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். சைட்டோபிளாசம் சுவரோரமாக மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கும். ஊதா நிறம் எங்கே நிற்கிறதோ அங்கே வாக்குவோல் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சோதனை முழுவதும் நீங்கள் கண்வைத்திருக்க வேண்டியது இந்த நிறத்தின் எல்லையைத்தான்.

உப்பு விடுவதற்கு முன்

உரித்த தோலை உடனே கடிகாரக் கண்ணாடியில் உள்ள தண்ணீரில் மிதக்க விடுங்கள். காற்றில் சில நிமிடம் கிடந்தாலும் காயத் தொடங்கும், ஓரம் சுருண்டுகொள்ளும். வாலை வடித்த நீர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் குடிநீர் போதும். இந்தப் பகுதியில் சில ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீர் நாக்கில் உப்புக் கரிக்கும். அந்த அளவு உப்பு வெங்காயச் செல்லைச் சுருக்கிவிடாது. ஆனாலும் முதல் படத்துக்கும் கடைசி மீட்சிக்கும் உப்பில்லாத தண்ணீரே முறை.

ஸ்லைடின் நடுவில் ஒரு துளி நீர் விட்டு, தோலை மடிப்பில்லாமல் விரித்து, கவர்சிலிப்பை ஊசியால் தாங்கிச் சாய்வாக இறக்குங்கள். நேராகப் போட்டால் காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்ளும். காற்றுக்குமிழ் தடித்த கறுப்பு விளிம்போடு வட்டமாகத் தெரியும். உட்கரு என்று நினைத்து அதை வரைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊசி நுனியால் கவர்சிலிப்பை லேசாகத் தட்டினால் குமிழ் நகரும், செல்லின் உறுப்பு எதுவும் அப்படி நகராது. வேறுபாட்டை அதிலேயே கண்டுகொள்ளலாம்.

கண்ணருகு லென்ஸ் 10 மடங்கு, பொருளருகு லென்ஸ் 10 மடங்கு, ஆக 100 மடங்கில் தொடங்குங்கள். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால் படலங்களின் எல்லை நன்றாகத் தெரியும். தோலை வெட்டிய ஓரத்தில் உள்ள செல்கள் பிளேடு பட்டுச் செத்திருக்கும், நிறம் கசிந்து வெளிறியிருக்கும். அவற்றை விட்டு உள்ளே வாருங்கள். நிறம் நிறைந்த, நாற்புறமும் சுவர் தெளிவான ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்து, அது எங்கே இருக்கிறது என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். “வெளிறிய பெரிய செல்லுக்கு இடப்பக்கம் மூன்றாவது செல்” என்பதுபோல ஓர் அடையாளம் போதும்.

அந்தச் செல்லை இப்போதே வரைந்துவிடுங்கள். ஊதா நிறம் நான்கு மூலைகள்வரை நிறைந்து நிற்கிறது. செல் விறைப்பாக இருக்கிறது. வாக்குவோல் வெளிநோக்கி அழுத்துகிறது, சுவர் அதைத் திருப்பி அழுத்துகிறது. புதிய வெங்காயத்தைக் கடித்தால் நறுக்கென்று உடைவது இந்த விறைப்பால்தான்.

எவ்வளவு உப்பு

100 மில்லி லிட்டர் கரைசலில் 5 கிராம் சமையல் உப்பு இருந்தால் அது 5 சதவீதக் கரைசல். பள்ளி ஆய்வகத்தில் பெரும்பாலும் இதையே வைப்பார்கள். இது எவ்வளவு கனமானது என்பதற்கு நமக்குத் தெரிந்த ஓர் அளவுகோல் உண்டு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன, அதாவது ஏறக்குறைய 3.5 சதவீதம். உங்கள் 5 சதவீதக் கரைசல் தூத்துக்குடிக் கடல்நீரைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கரிப்பு. வெங்காயச் செல்லின் சாறோ கடல்நீரைவிட மிகவும் நீர்த்தது. அதனால் கடல்நீரே அந்தச் செல்லைச் சுருக்கிவிடும், 5 சதவீதம் அதைவிட விரைவாகச் சுருக்கும்.

கூடக்கூட நல்லது என்று நினைத்து உப்பைக் குவித்துவிடாதீர்கள். உப்பளத்தில் கடல்நீரைப் பாத்தி பாத்தியாக வெயிலில் காயவிட்டுக் கடைசிப் பாத்திக்குக் கொண்டுவருகிறார்கள். உப்புப் பூக்கும் அந்த நிலையில் நீர் கொள்ளும் அளவு உப்பு முழுவதும் அதில் இருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் 100 மில்லி லிட்டர் தண்ணீரில் சுமார் 36 கிராம்தான் கரையும், அதற்கு மேல் படிகமாகிவிடும். அத்தகைய கரைசலை விட்டால் செல் சட்டென்று சுருங்கும், பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வேகத்தில் படலம் கிழிந்து செத்துப்போகலாம். பிறகு எத்தனை துளி நல்ல தண்ணீர் விட்டாலும் அது மீளாது. மீட்சியைக் காட்ட முடியாவிட்டால் சோதனையின் சரிபாதி போய்விடுகிறது.

கவர்சிலிப்பைத் தூக்காதீர்கள். அதன் ஒரு விளிம்பில் டிராப்பரால் ஒரு துளி உப்புக் கரைசலை வையுங்கள். எதிர் விளிம்பில் வடிதாள் துண்டைத் தொட்டு வையுங்கள். தாள் நீரை உறிஞ்ச உறிஞ்ச, கரைசல் அடியில் ஓடிவரும். ஒரு துளி போதாது, அது ஏற்கெனவே உள்ள நீரோடு கலந்து நீர்த்துவிடும். இரண்டு மூன்று முறை செய்தால்தான் உள்ளே உள்ள நீர் முழுமையாக மாறும். இதைச் செய்யும்போது கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமல் பாருங்கள், முடியாவிட்டால் நண்பரைத் துளி விடச் சொல்லுங்கள். கரைசல் நுழையும் பக்கத்துச் செல்கள் முதலில் சுருங்கும், எதிர்ப்பக்கத்துச் செல்கள் கொஞ்சம் பிந்தும். ஒரே ஸ்லைடில் சுருங்கியதும் சுருங்காததும் அருகருகே தெரியும் அந்தச் சில நிமிடங்கள்தான் இந்தச் சோதனையின் நல்ல நேரம்.

சுருங்கும்போது என்ன தெரிகிறது

முதலில் மூலைகளைப் பாருங்கள். ஊதா நிறம் ஏதேனும் ஒரு மூலையிலிருந்து சற்றே விலகி, அங்கே நிறமில்லாத சிறிய இடைவெளி தோன்றும். இதுவே தொடக்க பிளாஸ்மா சிதைவு. பிறகு பக்கவாட்டிலும் விலகும். சில இடங்களில் படலம் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதால் எல்லை உட்குழிந்து வளைவு வளைவாகத் தெரியும். இன்னும் சில நிமிடங்களில் அந்த ஒட்டும் விடுபட்டு, உயிர்ப்பொருள் உருண்டு திரண்டு முட்டை வடிவில் நடுவிலோ ஒரு கோடியிலோ நிற்கும். நீண்ட செல்லில் இரண்டு உருண்டைகளாகப் பிரிந்தும் நிற்கலாம். அது பிழை அல்ல, கண்டதைக் கண்டபடி வரையுங்கள்.

இப்போது நிறத்தைக் கவனியுங்கள். முதல் படத்தில் இளம் ஊதாவாக இருந்தது இப்போது அடர் ஊதாவாகியிருக்கும். அதே அளவு நிறமி சிறிய இடத்துக்குள் வந்துவிட்டதால் இந்த அடர்த்தி. அதாவது நீர் வெளியே போயிற்று, நிறமி போகவில்லை. படலம் நீரை விட்டுவிட்டு நிறமியைத் தடுத்துவைத்தது. தேர்வுசெய் ஊடுருவல் என்று புத்தகத்தில் படிப்பது இதுதான், உங்கள் கண்முன் நிறமாக நிற்கிறது. சாயம் போட்ட, அல்லது நிறமில்லாத தோலை எடுத்தவருக்கு இந்தச் சான்று கிடைக்காது.

சுவருக்கும் சுருங்கிய படலத்துக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது? வாய்மொழித் தேர்வில் அநேகமாக இந்தக் கேள்வி வரும். “காற்று” என்றும் “வெற்றிடம்” என்றும் பலர் சொல்லிவிடுகிறார்கள், “வெளியேறிய நீர்” என்றும் சொல்வார்கள். சரியான விடை, நீங்கள் விட்ட உப்புக் கரைசல். செல் சுவர் செல்லுலோஸ் இழைகளால் ஆன வலை, நீருக்கும் உப்புக்கும் ஒருசேர வழிவிடும். உப்பைத் தடுப்பது அதற்குள் இருக்கும் பிளாஸ்மா படலம்தான். காற்று இருந்திருந்தால் காற்றுக்குமிழைப்போலக் கறுத்த விளிம்பு தெரிந்திருக்கும், அது இல்லை என்பதை நீங்களே பார்க்கலாம்.

வரையும்போது சுவரை இரட்டைக் கோடாக, முதல் படத்தில் இருந்த அதே அளவில் போடுங்கள். சுவரையும் சேர்த்துச் சுருக்கி வரைவதுதான் நான் அடிக்கடி திருத்திய பிழை. விறைப்பு போனதும் சுவர் மிகச் சிறிதளவு தளரும் என்பது உண்மை, ஆனால் இந்த உருப்பெருக்கத்தில் அது கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் அல்ல.

உயிர் இருக்கிறதா என்ற கேள்வி

இரண்டாம் படம் முடிந்ததும் காலம் தாழ்த்தாதீர்கள். உப்பில் நெடுநேரம் கிடந்தால் செல்கள் சாகத் தொடங்கும். ஸ்லைடு காய்ந்து கவர்சிலிப் ஓரத்தில் சதுரம் சதுரமாக உப்புப் படிகம் கட்டும், அதைச் செல்லின் பொருள் என்று எண்ணி வரைந்துவிடவும் கூடும். 10 நிமிடத்துக்குள் அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள்.

அதே முறைதான், ஒரு விளிம்பில் நல்ல தண்ணீர், மறு விளிம்பில் புதிய வடிதாள். இம்முறை நான்கைந்து முறை நீர் மாற்ற வேண்டும், ஏனென்றால் உள்ளே இருக்கும் உப்பு முழுவதும் வெளியேற வேண்டும். அவசரப்படாமல் சிறு சிறு துளியாக விடுங்கள். மிகவும் சுருங்கிய செல்லுக்குள் நீர் ஒரேயடியாகப் பாய்ந்தால் படலம் வெடித்து நிறம் சிதறிவிடும். மெதுவாக விட்டால் ஊதா உருண்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, நிறம் வெளுத்து, மூலைகளைத் திரும்பத் தொடும். அடையாளம் வைத்த அதே செல் பழைய நிலைக்கு வந்ததும் மூன்றாம் படத்தை வரையுங்கள். மீட்சி என்பது இதுவே.

சுருங்கிய எல்லாச் செல்லும் மீளாது. சிலவற்றில் நிறம் கசிந்து காணாமல் போயிருக்கும். அவை செத்தவை. எத்தனை மீண்டன, எத்தனை மீளவில்லை என்று எண்ணி எழுதினால் உங்கள் பதிவு இன்னும் நம்பகமாகும். இதற்கு ஒப்பீடாக இன்னொரு சிறு தோல் துண்டைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துப் பாருங்கள். வீட்டில் பல்லாரியை வேகவைத்தால் ஊதா நிறம் தண்ணீரில் இறங்குவதைப்போல நிறம் வெளியேறியிருக்கும். அந்தத் துண்டின் மேல் 5 சதவீத உப்பு விட்டாலும் ஒன்றும் நடக்காது. சுவர் அங்கேயே இருக்கிறது, உப்பும் இருக்கிறது, ஆனால் தேர்ந்து தடுக்கும் படலம் இல்லை. பிளாஸ்மா சிதைவு உயிருள்ள செல்லில் மட்டுமே நடக்கும் என்ற வரியை இந்த ஒரு துண்டு நிரூபித்துவிடும்.

ஐந்து சதவீதச் சர்க்கரை ஏன் வேலை செய்யவில்லை

ஓர் ஆண்டு என் மாணவி ஒருத்தி கண் கலங்கி வந்து நின்றாள். எல்லாம் முறைப்படி செய்திருந்தாள், நிறமுள்ள தோல், சாயம் இல்லை, மூன்று முறை கரைசல் மாற்றம். ஒரு செல்கூடச் சுருங்கவில்லை. அவள் எடுத்த குப்பியில் 5 சதவீதச் சர்க்கரைக் கரைசல் இருந்தது. உப்பும் 5, சர்க்கரையும் 5, பிறகு ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டாள். அவள் கேட்டது நல்ல கேள்வி.

சவ்வூடு பரவலில் எடை கணக்கில்லை, கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கைதான் கணக்கு. உப்பின் மூலக்கூறு எடை 58.5, சர்க்கரைக்கு 342. ஒரு லிட்டரில் 50 கிராம் உப்பு என்றால் 50ஐ 58.5ஆல் வகுத்துச் சுமார் 0.85 மோல். உப்பு நீரில் சோடியம், குளோரைடு என இரண்டாகப் பிரிவதால் துகள்கள் ஏறக்குறைய 1.7 மோல். ஒரு லிட்டரில் 50 கிராம் சர்க்கரை என்றால் 50ஐ 342ஆல் வகுத்துச் சுமார் 0.15 மோல், அது பிரிவதும் இல்லை. எடை ஒன்றானாலும் துகள்களின் எண்ணிக்கையில் பதினோரு மடங்குக்கு மேல் வேறுபாடு. வெங்காயச் சாற்றைவிட அந்தச் சர்க்கரைக் கரைசல் நீர்த்திருந்தது. அதனால் செல் நீரை இழக்கவில்லை. சர்க்கரையில் இதைச் செய்ய வேண்டுமென்றால் 20 சதவீத அளவுக்குப் போக வேண்டும்.

அவள் அன்று “மாற்றம் இல்லை” என்று எழுதினாள், கரைசலின் பெயரையும் சரியாக எழுதினாள். படத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துப் போடவில்லை. அவளுடைய பதிவைத்தான் இன்றைக்கும் நல்ல பதிவு என்று வகுப்பில் சொல்வேன்.

டி விரீஸும் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார். வெவ்வேறு பொருள்களின் கரைசல்களை நீர்த்ததிலிருந்து கனமானதுவரை வரிசையாக வைத்து, ஒரே வகைச் செல்லின் படலம் எந்த இடத்தில் மூலையைவிட்டு விலகத் தொடங்குகிறது என்று பார்த்து, அந்தக் கரைசல்களின் வலுவை ஒப்பிட்டார். 1884-இல் அந்த முடிவுகள் வெளியாயின. ஆம்ஸ்டர்டாமில் அவரோடு பணிபுரிந்த வேதியியலாளர் வான்ட் ஹாஃப் இத்தகைய தாவரவியல் அளவீடுகளைக் கொண்டுதான் கரைசல்களின் சவ்வூடு பரவல் அழுத்தத்துக்கு விதி கண்டார். 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்த விதிக்கு வழிவிட்ட அளவுகோல்களில் தாவரச் செல்லும் ஒன்று.

நீங்களும் அந்த முறையைச் செய்யலாம். 1, 1.5, 2, 3 சதவீத உப்புக் கரைசல்கள் நான்கு, நான்கு தோல் துண்டுகள். ஒவ்வொன்றையும் 10 நிமிடம் ஊறவிட்டு 40 செல்களை எண்ணுங்கள். 1 சதவீதத்தில் மூலை விலகியவை 3, 1.5 சதவீதத்தில் 20, 2 சதவீதத்தில் 36, 3 சதவீதத்தில் 40 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். சரிபாதி விலகிய 1.5 சதவீதம்தான் அந்த வெங்காயச் சாற்றுக்கு ஏறக்குறைய ஈடான கரைசல். ஐசோடானிக் என்பது அதுவே. ஏன் சரிபாதி என்றால், எல்லாச் செல்லின் சாறும் ஒரே செறிவில் இருப்பதில்லை. உங்களுக்கு வரும் எண்கள் வேறாக இருக்கும். வெங்காயத்துக்கு வெங்காயம், செதிலுக்குச் செதில் மாறும். உங்கள் எண்ணையே எழுதுங்கள்.

உப்பளக் கரையில் ஒரு செடி

கடைசியாக ஒன்று. இங்கிருந்து தூத்துக்குடிப் பக்கம் போகும்போது உப்பளக் கரைகளில் தடித்த சிறு இலைகளோடு, சில பருவங்களில் சிவந்து படர்ந்திருக்கும் உமரிச் செடியைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வெங்காயச் செல்லைச் சுருக்கும் உப்பு அதைச் சுற்றி எப்போதும் இருக்கிறது. அது ஏன் வாடவில்லை? உமரி உப்பைத் தடுத்து வெளியே நிறுத்திக்கொண்டு மட்டும் வாழவில்லை. அதை எடுத்துத் தன் வாக்குவோலில் சேர்த்துவைக்கிறது. சைட்டோபிளாசத்தில் உப்புக்குப் பதிலாகத் தீங்கில்லாத கரிமப் பொருள்களைச் சேர்த்து ஈடுகட்டுகிறது. உள்ளே இருக்கும் செறிவு வெளியைவிடக் கூடுதலாக இருப்பதால் நீர் உள்நோக்கியே வருகிறது. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிக்கு வேறு வழி. அதன் உடல் திரவமே கடல்நீரோடு ஏறக்குறைய ஒத்த செறிவில் இருக்கிறது, இழப்பதற்கும் பெறுவதற்கும் வேறுபாடு இல்லை. வெங்காயத்துக்கு இந்த இரண்டு ஏற்பாடும் கிடையாது. நல்ல தண்ணீர் பாயும் மண்ணில் வளர்ந்த செடி அது. ஹைப்பர்டானிக், ஐசோடானிக் என்ற சொற்களை மனப்பாடம் செய்யும்போது இந்த மூன்றையும் நினைத்துக்கொண்டால் எது எதைவிடக் கூடுதல் என்பது குழம்பாது. ஒரு கரைசல் தனியாக ஹைப்பர்டானிக் ஆகாது, எந்தச் செல்லை ஒப்பிட்டு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே கடல்நீர் வெங்காயத்துக்கு ஹைப்பர்டானிக், முத்துச்சிப்பிக்கு ஏறக்குறைய ஐசோடானிக்.

பதிவேட்டில் காண்பவை என்ற தலைப்பின்கீழ் இப்படி எழுதலாம்: “5 சதவீத உப்புக் கரைசலில் செல் சுவரின் அளவு மாறவில்லை. உயிர்ப்பொருள் மூலைகளிலிருந்து விலகிச் சுருங்கியது, வாக்குவோலின் நிறம் அடர்ந்தது. நல்ல நீர் விட்டபின் அதே செல்லில் உயிர்ப்பொருள் விரிந்து சுவரைத் தொட்டது.” அறிவது என்ற இடத்தில்: “செல்லின் படலம் நீரை அனுமதித்தது, நிறமியைத் தடுத்தது. மீட்சி நிகழ்ந்ததால் செல் உயிரோடு இருந்தது.” இதற்கு மேல் அலங்காரம் எதுவும் வேண்டாம். எழுதி முடித்ததும் ஸ்லைடையும் லென்ஸின் முனையையும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள், உப்பு பட்டால் அடுத்தவருக்கு நுண்ணோக்கி கெட்டுவிடும்.

தலைப்பில் ‘பிளாஸ்மா சிதைவு’ என்றே எழுதுங்கள். அதன் கீழே வரையும் மூன்று படங்களும் ஒரே செல்லின் படங்களாக இருக்கட்டும். “இந்தச் செல்லை எனக்குக் காட்டு” என்று தேர்வாளர் கேட்டால், லென்ஸின் பக்கம் அவரை அழைத்து, வெளிறிய பெரிய செல்லுக்கு இடப்பக்கம் மூன்றாவது என்று உங்களால் சொல்ல முடியும்.

அன்புடன்,
உங்கள் ஊர்த் தாவரவியல் ஆசிரியர்